தானே எழுதிய தாளின் விலை: விலைப்பட்டியல் முன்கழிவு குறித்து

'தள்ளுபடி' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது தீபாவளிக் காலத்துத் துணிக்கடை. செய்தித்தாள் படிப்போர்க்குக் கடன் தள்ளுபடி நினைவுக்கு வரலாம். அங்கே அச்சொல் கடனையே நீக்கிவிடுவதைக் குறிக்கும். வணிகத்தில் இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. பின்னால் வரவேண்டிய ஒரு தொகையை இன்றே பெற்றுக்கொள்வதற்காக, அதில் ஒரு பகுதியை முன்கூட்டியே கழித்துக்கொள்ள இசைவதே அது. மாணவர்கள் இம்மூன்றையும் குழப்பிக்கொள்வதை நாம் வகுப்பறையில் பன்முறை கண்டிருப்பதால், இக்கட்டுரையில் மூன்றாவது பொருளுக்கு 'முன்கழிவு' என்னும் சொல்லை ஆள்கிறோம்.

செய்தி நமக்குப் புதியதன்று. நூறு வெள்ளி கடன் கேட்டவரிடம் பத்து வெள்ளி வட்டியை முன்னதாகவே பிடித்துக்கொண்டு தொண்ணூறு வெள்ளியைக் கையில் கொடுக்கும் வழக்கத்தை நம் முன்னோர் நன்கு அறிவர். அங்கே வட்டி நூற்றுக்குப் பத்து என்று சொல்லப்பட்டாலும், கடன் வாங்கியவர் உண்மையில் பயன்படுத்துவது தொண்ணூறு வெள்ளியை மட்டுமே. ஆகவே அவர் கொடுக்கும் வட்டி நூற்றுக்குப் பதினொன்றைத் தாண்டுகிறது. இந்தச் சிறு கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வருவது எளிதாகும்.

எடுத்துக்காட்டுக்காகச் சிங்கப்பூரின் செனோக்கோ வட்டாரத்தில் ஒரு சிறு உணவு நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். பத்துப் பன்னிரண்டு ஊழியர்கள் மசாலாத் தூளும் முறுக்கும் செய்து, ஒரு பேரங்காடிக் குழுமத்திற்கு மாதந்தோறும் 50,000 வெள்ளிக்குச் சரக்கு அனுப்புகின்றனர். சரக்கோடு விலைப்பட்டியலும் செல்கிறது. பேச்சுவழக்கில் நாம் 'இன்வாய்ஸ்' என்பது இதையே. பணம் பெற்றபின் கொடுப்பது ரசீது. பணம் வரும் முன்னே கொடுப்பது விலைப்பட்டியல். இவ்வேறுபாடே நம் பொருளின் அடித்தளம்.

பேரங்காடியின் ஒப்பந்தப்படி, விலைப்பட்டியலின் தேதியிலிருந்து 60 நாள் கழித்தே பணம் வரும். அந்த 60 நாளும் நிறுவனத்தின் செலவுகள் காத்திருப்பதில்லை. மிளகாயும் அரிசிமாவும் தருபவர் இரண்டு வாரத்தில் பணம் கேட்கிறார். ஊழியர் சம்பளத்தை, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று வேலைநியமனச் சட்டம் சொல்கிறது. மத்திய சேமநிதிச் சந்தாவுக்கும் தவணை உண்டு. ஏட்டளவில் இலாபம் காட்டும் நிறுவனம், மாத இறுதியில் சம்பளத்துக்குப் பணமின்றித் தவிப்பது இவ்வாறுதான் நேர்கிறது.

இந்நிலையில் உரிமையாளர் ஒரு நிதி நிறுவனத்தை அணுகி, பேரங்காடி தரவேண்டிய 50,000 வெள்ளிக்கான விலைப்பட்டியலை அதனிடம் விற்கிறார். நிதி நிறுவனம் முழுத்தொகையையும் தருவதில்லை. நூற்றுக்கு எண்பது, அதாவது 40,000 வெள்ளியை முன்பணமாகக் கணக்கிடுகிறது. அதற்கு மாதம் 1.5 விழுக்காடு வீதம் இரண்டு மாதத்துக்கு 1,200 வெள்ளி முன்கழிவு. பட்டியல் தொகையில் அரை விழுக்காடு, 250 வெள்ளி, செயல்முறைக் கட்டணம். இரண்டையும் முதலிலேயே பிடித்துக்கொள்ள, நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் வந்து சேர்வது 38,550 வெள்ளி. வீதங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இவை நாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

அறுபதாம் நாள் பேரங்காடி நிதி நிறுவனத்திற்குப் பணம் செலுத்துகிறது. ஆனால் 50,000 வெள்ளியன்று, 48,000 வெள்ளி. உடைந்த பொட்டலங்கள், விற்காமல் திரும்பிய சரக்கு, 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்னும் சலுகையில் வழங்குநர் ஏற்கவேண்டிய பங்கு எனப் பலவற்றைச் சேர்த்து 2,000 வெள்ளியைப் பேரங்காடி கழித்துக்கொண்டது. நிதி நிறுவனம் தன் 40,000 வெள்ளியை எடுத்துக்கொண்டு எஞ்சிய 8,000 வெள்ளியை உரிமையாளரிடம் திருப்பித் தருகிறது. ஆக அவர் கைக்கு வந்தது 46,550 வெள்ளி. பொறுமையோடு காத்திருந்தால் 48,000 வெள்ளி வந்திருக்கும். வேறுபாடு 1,450 வெள்ளி.

'மாதம் ஒன்றரை விழுக்காடுதானே' என்று எண்ணுவோர் இங்கே சற்று நிற்க வேண்டும். அவர் 60 நாள் பயன்படுத்திய பணம் 38,550 வெள்ளி. அதற்குக் கொடுத்த விலை 1,450 வெள்ளி, அதாவது 3.76 விழுக்காடு. ஆண்டில் அறுபது நாட்கள் ஆறு முறைக்குச் சற்றுக் கூடுதலாக வருவதால், ஆண்டு வட்டியாகச் சொன்னால் ஏறத்தாழ 23 விழுக்காடு. இன்னொரு கோணமும் உண்டு. அந்த மாதத்துச் சரக்கில் செலவெல்லாம் போக நிறுவனத்துக்குக் கிடைக்கும் இலாபம் 5,000 வெள்ளி என்று கொண்டால், அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான தொகை காத்திராமைக்கான விலையாகப் போய்விடுகிறது. உரிமையாளர் கேட்கவேண்டிய கேள்வி 'வீதம் என்ன?' என்பதைவிட 'என் இலாபத்தில் இது எத்தனை பங்கு?' என்பதே என்று நாம் கருதுகிறோம்.

நிதி நிறுவனம் ஏன் முழுத்தொகையைத் தர மறுக்கிறது? பேரங்காடி பெரிய நிறுவனம். பணம் கொடுக்கும் வலிமை அதற்கு உண்டு. இருந்தும் அந்த இருபது விழுக்காட்டை நிறுத்திவைப்பதன் காரணம் விலைப்பட்டியல் என்னும் தாளின் இயல்பிலேயே இருக்கிறது. இதனை விளங்கிக்கொள்ளப் பழைய வழக்கம் ஒன்றோடு ஒப்பிடுவது உதவும்.

சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள் இயங்கிய காலத்தில், கடனுக்கு ஆதாரமாகக் கைமாறியது கடன் உறுதிச்சீட்டு. அதில் கடன்பட்டவர் தாமே கையொப்பமிட்டு, இன்ன தொகையை இன்ன நாளில் தருவேன் என்று எழுதிக்கொடுக்கிறார். அச்சீட்டை நல்லெண்ணத்தோடு விலைகொடுத்து வாங்கிய மூன்றாமவரிடம், 'முதலில் எனக்கு விற்ற சரக்கு சரியில்லை' என்று கடன்பட்டவர் பொதுவாக வாதாட முடியாது. வாக்குறுதி தாளோடு சேர்ந்தே பயணம் செய்கிறது.

விலைப்பட்டியலோ அத்தகையதன்று. அதை எழுதியவர் பணம் கேட்பவரே. பணம் தரவேண்டியவர் அதில் கையொப்பமிடவில்லை, எதையும் உறுதிசெய்யவுமில்லை. 'இவர் எனக்கு இவ்வளவு தரவேண்டும்' என்று ஒருவர் தாமே எழுதிக்கொண்ட தாள் அது. அதை விலைக்கு வாங்குபவர், எழுதியவருக்கு இருந்த உரிமைக்கு மேல் ஒன்றையும் பெறுவதில்லை. உடைந்த பொட்டலத்துக்காகப் பேரங்காடி உரிமையாளரிடம் எதைக் கழித்திருக்குமோ அதை நிதி நிறுவனத்திடமும் கழிக்கும். மேற்கண்ட கணக்கில் அந்த 2,000 வெள்ளியை நிறுத்திவைத்த தொகை தாங்கிக்கொண்டது. சரக்கைத் திருப்பியனுப்பும் வழக்கம் மிகுந்த தொழில்களில் நிதி நிறுவனங்கள் எண்பதுக்கும் கீழே இறங்குவதற்கு இதுவே காரணம்.

எனவே விலைப்பட்டியல் ஒன்றை மட்டும் பார்த்துப் பணம் தரும் நிதி நிறுவனம் அரிது. பேரங்காடி முன்னர் அனுப்பிய கொள்முதல் ஆணை வேண்டும். சரக்கு வந்து சேர்ந்தபோது கிடங்கில் கையொப்பமும் முத்திரையும் இடப்பட்ட ஒப்படைப்புச் சீட்டு வேண்டும். பேச்சில் 'பிஓ', 'டிஓ' என்று வழங்கும் இவ்விரண்டும்தான் எதிர்த்தரப்பு வைத்த சுவடுகள். மூன்று தாள்களிலும் எண்ணிக்கையும் விலையும் ஒத்திருந்தால் விலைப்பட்டியலுக்கு ஒரு மதிப்பு பிறக்கிறது. ஒப்படைப்புச் சீட்டில் '4 பெட்டி குறைவு' என்று கிடங்குக்காரர் கையால் எழுதியிருந்தால், அந்த ஒரு வரி பட்டியலின் அச்செழுத்துகளைவிட வலியது.

அடுத்து எழுவது, பேரங்காடிக்கு இந்த விற்பனையைத் தெரிவிப்பதா என்னும் கேள்வி. சிங்கப்பூரின் குடிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, 8ஆம் உட்பிரிவின்படி, கடனைப் பெறும் உரிமையை எழுத்துமூலம் முழுமையாக மாற்றிக்கொடுத்து, கடன்பட்டவருக்கு எழுத்துமூலம் அறிவிப்பும் தந்துவிட்டால், உரிமையைப் பெற்றவர் தம் பெயரிலேயே வழக்குத் தொடுக்கலாம். மலேசியாவின் 1956ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டத்திலும் இதற்கிணையான விதி உண்டு. அறிவிப்பு கிடைக்கும்வரை பேரங்காடி பழையபடி உரிமையாளருக்கே பணம் கொடுத்துக் கடனைத் தீர்த்துக்கொள்ளலாம். அறிவிப்பு கிடைத்தபின்னும் அவ்வாறு கொடுத்தால், நிதி நிறுவனத்துக்கு மீண்டும் ஒருமுறை கொடுக்க நேரிடும்.

ஆனால் சிறு வழங்குநர் பலர் அறிவிப்பை விரும்புவதில்லை. 'பணமுடை வந்துவிட்டது போலும்' என்று வாங்குபவர் எண்ணி அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவாரோ என்னும் அச்சம்தான் காரணம். அவர்களுக்காக அறிவிப்பில்லாத முறை ஒன்றும் உள்ளது. அதில் பேரங்காடிக்கு எதுவும் தெரியாது. வரும் பணத்தை உரிமையாளரே பெற்று, நிதி நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலுள்ள கணக்கில் செலுத்திவிட வேண்டும். நிதி நிறுவனத்துக்கு இதில் இடர் கூடுதல் என்பதால், வரவு செலவு ஒழுங்காக உள்ள நிறுவனங்களுக்கே இது பெரும்பாலும் கிட்டும். பெரிய வாங்குநரின் ஒப்பந்தத்தில், பணம் பெறும் உரிமையைப் பிறருக்கு மாற்றக்கூடாது என்னும் தடை எங்கேனும் ஒரு மூலையில் ஒளிந்திருப்பதும் உண்டு. சிறு வழங்குநரைக் கட்டிப்போடும் இத்தகைய தடைகள் பலவற்றை 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின் வாயிலாக இங்கிலாந்து செல்லாதவை ஆக்கியது. அத்தகைய பாதுகாப்பு தமக்கும் உண்டு என்று கருதிக்கொள்ளாமல், கையொப்பமிடும் முன் அப்பகுதியைத் தேடிப் படிக்க வேண்டும்.

'விற்பனை' என்று இதுகாறும் சொல்லிவந்தோம். அச்சொல் எவ்வளவு பொருந்தும் என்பதை ஒப்பந்தத்தின் இன்னொரு வரியே முடிவுசெய்கிறது. பேரங்காடி குறித்த காலத்துக்குள், எடுத்துக்காட்டாக 90 நாளுக்குள், பணம் தராவிட்டால் உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று அவ்வரி சொல்லுமாயின், பெயர் எதுவாயினும் இது கடனே. பழைய வண்டியை விற்றவரிடம் மூன்று மாதம் கழித்து வந்து பணத்தைத் திருப்பிக் கேட்பதை யாரும் விற்பனை என்று சொல்லமாட்டார்கள். சிறு நிறுவனங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இத்தகைய ஏற்பாடுதான். உரிமையாளரின் சொந்த உத்தரவாதமும் அதனோடு கேட்கப்படுவது வழக்கம். அப்போது நொடித்த வாங்குநரின் சுமை இறுதியில் உரிமையாளரின் வீட்டு வாசலுக்கே வந்து சேரும்.

திருப்பிக் கேட்காத ஏற்பாடும் உண்டு; கட்டணம் கூடுதல். அதிலும் ஒரு நுணுக்கத்தைக் காண வேண்டும். வாங்குபவர் நொடித்துப்போய்ப் பணம் தர இயலாத நிலையை மட்டுமே அது பொதுவாக ஏற்கிறது. 'சரக்கு கெட்டுவிட்டது, தரமாட்டேன்' என்று வாங்குபவர் மறுத்தால் அந்தச் சுமை வழங்குநருக்கே. வாங்குபவரின் வலிமை குறித்த இடரை விற்க முடியும். தம் சரக்கின் தரம் குறித்த இடரை விற்க முடியாது.

தானே எழுதிய தாள் என்பதால் வரும் மற்றோர் இடர், அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது. ஒரே பட்டியலை இரண்டு நிதி நிறுவனங்களிடம் விற்பவரும் உண்டு. நடவாத விற்பனைக்குப் பட்டியல் எழுதுபவரும் உண்டு. இருவரிடம் விற்கப்பட்டால் யாருக்கு முன்னுரிமை என்னும் வினாவுக்கு, 1828ஆம் ஆண்டின் 'டியர்ல் எதிர் ஹால்' என்னும் ஆங்கிலேய வழக்கு ஒரு விதியை வகுத்தது: முந்தைய விற்பனையை அறியாமல் வாங்கி, கடன்பட்டவருக்கு முதலில் அறிவிப்புத் தந்தவரே முந்துவார். முதலில் வாங்கியவர் பிந்திப்போகலாம் என்பது இதன் விளைவு. அறிவிப்பில்லாத முறையில் இடர் கூடுதல் என்று நாம் மேலே சொன்னதன் பொருள் இப்போது விளங்கும்.

சிறியவர்கள் மட்டுமே இவ்வாறு செய்வர் என்று எண்ண வேண்டா. 2020ஆம் ஆண்டு நொடித்த ஹின் லியோங் என்னும் சிங்கப்பூர் எண்ணெய் வணிக நிறுவனத்தின் வழக்கில், இரண்டு எண்ணெய் விற்பனைகளுக்கான விலைப்பட்டியல்களை முன்கழிவுக்கு அளித்து ஹெச்எஸ்பிசி வங்கியிடமிருந்து 111 மில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேற்பட்ட தொகை பெறப்பட்டிருந்தது. அவ்விரு விற்பனைகளும் புனையப்பட்டவை என்று கண்ட சிங்கப்பூர் நீதிமன்றம், 2024 மே மாதத்தில் அந்நிறுவனத்தின் நிறுவனரைக் குற்றவாளியெனத் தீர்ப்பளித்தது. முறுக்கு விற்பவரானாலும் எண்ணெய்க் கப்பல் விற்பவரானாலும், நிதி தருபவர் சரிபார்க்க வேண்டியது ஒன்றே: எதிர்த்தரப்பு இதை ஒப்புக்கொண்டதா?

இதற்கு மின்னியல் வழியில் ஓரளவு விடை தேடப்படுகிறது. சிங்கப்பூரின் இன்வாய்ஸ்நவ் கட்டமைப்பில் பட்டியல் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு நேரே செல்கிறது. இடையில் திருத்திய தாளை நுழைப்பது கடினம். ஆயினும் பட்டியல் போய்ச்சேர்ந்தது என்பதற்குத்தான் அது சான்று. சரக்கு நல்ல நிலையில் போய்ச்சேர்ந்தது என்பதற்கு இன்றும் கிடங்குக்காரரின் கையொப்பமே சான்று.

இனி செனோக்கோ நிறுவனத்துக்கே திரும்புவோம். அதன் உரிமையாளர் ஒரு முறை முன்கழிவு செய்ததோடு நிற்காமல் ஒவ்வொரு மாதமும் அதையே செய்தால் என்ன ஆகும்? இதை நாம் மாணவர்களோடு கணக்கிட்டுப் பார்த்தபோது, விடை அவர்களுக்கும் வியப்பளித்தது.

சனவரியில் அவருக்கு நவம்பர் மாதப் பட்டியலின் பணம் வழக்கம்போல் வருகிறது; சனவரிப் பட்டியலை விற்ற 38,550 வெள்ளியும் வருகிறது. பிப்ரவரியிலும் அவ்வாறே. இரண்டு மாதம் கை நிறையப் பணம். மார்ச் மாதத்தில் சனவரிப் பட்டியலின் பணம் வரவேண்டும். அதுவோ ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டது. எஞ்சிய 8,000 வெள்ளி மட்டும் வருகிறது. மார்ச் மாதப் பட்டியலை விற்று 38,550 வெள்ளி பெற, மொத்தம் 46,550 வெள்ளி. அதன்பின் ஒவ்வொரு மாதமும் இதுவே. முன்கழிவு செய்யாதிருந்தால் மாதம் 48,000 வெள்ளி வந்துகொண்டிருக்கும். பணம் முன்னதாக வந்தது முதல் இரண்டு மாதத்தில் மட்டுமே. அதன்பின் வரவின் வேகம் பழையபடியே இருக்க, மாதம் 1,450 வெள்ளி மட்டும் குறைகிறது. ஆண்டுக்கு 17,400 வெள்ளி.

நிறுத்திவிடலாமே என்றால், நிறுத்திய நாளிலிருந்து இரண்டு மாதத்துக்கு எஞ்சிய தொகையான 8,000 வெள்ளியைத் தவிர வேறு வரவு இராது. அந்தப் பள்ளத்தின் ஆழம் முதல் இரண்டு மாதத்தில் முன்னதாகப் பெற்ற தொகையேதான், 77,100 வெள்ளி. முதலில் கிடைத்த பணம் சம்பளத்திலும் சரக்கிலும் கரைந்துவிட்ட நிறுவனத்தால் அதைத் தாண்ட இயலாது. ஆகவே அது மீண்டும் விற்கிறது.

இதனால் முன்கழிவே தீது என்று சொல்ல நாம் முன்வரவில்லை. தீபாவளிக்காகப் பேரங்காடி 30,000 வெள்ளிக்கு ஒரு தனி ஆணை தந்து, அதில் 6,000 வெள்ளி இலாபம் இருக்குமானால், அதே வீதத்தில் 870 வெள்ளி கொடுத்துப் பணத்தை முன்னதாகப் பெறுவது நல்ல வணிகமே. ஆணை ஒரு முறை வந்தது. பட்டியலும் ஒரு முறை விற்கப்பட்டது. தீபாவளிக்குப் பின் பள்ளம் ஏதும் எஞ்சவில்லை. ஒவ்வொரு மாதமும் வரும் சம்பளச் செலவுக்கு ஒவ்வொரு மாதமும் பட்டியலை விற்பதுதான் வேறு வகை.

அவ்வகையில் அகப்பட்டுக்கொண்டவர் படிப்படியாகவே வெளியேற முடியும். மாதத்துக்கு நான்கு பட்டியல் எழுதுபவராயின் மூன்றை மட்டும் விற்று ஒன்றைக் காத்திருக்க விடலாம். சில மாதம் சென்றபின் இரண்டை. அந்த இடைவெளியை நிரப்பத் தம் இலாபமே அவருக்கு உள்ளது. மாத இலாபம் 5,000 வெள்ளியில் முன்கழிவுச் செலவு போக மிஞ்சும் 3,550 வெள்ளியை அப்படியே ஒதுக்கினால், 77,100 வெள்ளியை நிரப்ப ஏறத்தாழ 22 மாதம் ஆகும். விற்கும் பட்டியல்கள் குறையக் குறையக் கட்டணமும் குறைவதால் அதற்குச் சற்று முன்னரே முடியலாம். பேரங்காடியிடம் பேசி 60 நாளை 45 நாளாகக் குறைத்துக்கொள்ள முடிந்தால் நிரப்பவேண்டிய பள்ளமே சுருங்கிவிடும். நிதி நிறுவனத்திடம் செல்லும் முன் அந்தப் பேச்சைத் தொடங்கியிருக்க வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் மாதமே அதற்கு ஏற்ற காலம்.